சம்பளத்தில் என்ன குறையும் என்பதை முதலில் சொல்லுங்கள்

வணக்கம் ஐயா. பரந்தனுக்குப் பக்கத்தில் அப்பாவின் அரிசி ஆலையை நடத்துகிறேன். 38 பேர் வேலை செய்கிறார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் களஞ்சியங்கள் உண்டு. லொறிச் சாரதிகள் பாதி நாள் ஏ9 வீதியில்தான். எல்லோரையும் ஓரிடத்தில் கூட்ட முடியாததால் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பப் போகிறேன். மாதம் 6 இலட்சம் ரூபாய் துண்டு விழுகிறது. மேலதிக நேர வேலையை நிறுத்தினால் 2 இலட்சத்து 40 ஆயிரம், வாடகை லொறியை விட்டால் 1 இலட்சத்து 60 ஆயிரம், நான் எடுப்பதை நிறுத்தினால் 1 இலட்சத்து 50 ஆயிரம் மிஞ்சும். நண்பர் ஒருவர் எழுதித் தந்ததை இணைத்திருக்கிறேன். வாசித்தால் என் குரலாகவே இல்லை. ஆட்களைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது?

அன்புள்ள தம்பி,

நண்பர் எழுதியதில் முதல் ஆறு வரிகளில் ஒரு தீர்மானம்கூட இல்லை. ‘சவால்மிக்க பொருளாதாரச் சூழல்’ வருகிறது, ‘வளங்களின் உச்சப் பயன்பாடு’ வருகிறது, பிறகு ‘சில கடினமான முடிவுகள்’. பொயிலரில் நிற்பவர் இதைக் கேட்கும்போது, தன்னை நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. ஆட்களைப் பயமுறுத்துவது கெட்ட செய்தி அல்ல, அது வருவதற்கு முன் போகும் அந்த அரை நிமிடம்தான். ஆகவே பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னதும் அடுத்த வரியே தீர்மானமாக இருக்கட்டும்.

அதற்கு முன் சம்பளப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். மேலதிக நேரப் பணத்தை 38 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 6 ஆயிரத்துச் சொச்சம் வரும். அந்தக் கணக்கைப் பதிவில் சொல்லிவிடாதீர்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒரு ரூபாயும் குறையாது. இரவில் நெல் அவிக்கிறவருக்கு அதைப்போல மூன்று மடங்கு போகலாம். அப்படி அதிகம் இழக்கும் ஐந்தாறு பேரைப் பதிவு வெளியாவதற்கு முதல் நாளே தனித்தனியாகக் கூப்பிட்டு, அவரவர் தொகையைச் சொல்லிவிட வேண்டும். முல்லைத்தீவுக் களஞ்சியத்தில் இருப்பவரிடம் நீங்களே போக வேண்டும். தன் வீட்டுச் செலவைப் பாதிக்கும் செய்தியை எல்லோரோடும் சேர்ந்து தொலைபேசியில் கேட்க வேண்டிய நிலை ஒருவருக்கும் வரக்கூடாது.

குறையாதவற்றையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டும் 3 வீதமும் மேலதிக நேரப் பணத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை. அதனால் இந்தத் தீர்மானம் அவற்றைத் தொடாது. அடிப்படைச் சம்பளத்தில் கை வைத்திருந்தால் கதை வேறு: நிதிகளும் குறையும், பணிக்கொடையும் குறையும். ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துப் போடும் கணக்கு. பதினைந்து வருடம் உழைத்தவருக்கு இப்போது குறைப்பது பதினைந்து வருடத்துக்கும் சேர்த்துக் குறைப்பதாகிவிடும். நீங்கள் அதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம், ஆட்களுக்கு அது தெரிய வேண்டும்.

இனி வாக்குறுதி. “ஒருவரையும் நிறுத்த மாட்டேன்” என்று நண்பர் எழுதிய கடைசி வரி நல்ல மனத்தோடு எழுதப்பட்டது, ஆனால் அதற்கு ஒரு நாள் இல்லை. நாள் இல்லாத வாக்கை யாரும் நம்புவதுமில்லை, மறப்பதுமில்லை. காலபோக நெல் தை, மாசியில் வந்து ஆலை முழு நேரம் ஓடத் தொடங்கும் வரை வங்கிக் கடனையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, தாங்கும் என்று தெரிந்தால் “மாசி முடியும் வரை” என்று சொல்லுங்கள். தாங்காது என்றால் சொல்லவே வேண்டாம். வேறொன்றையும் நினைவில் வையுங்கள். 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ‘தேவைப்பட்டால் ஆட்குறைப்பும் நிகழலாம்’ என்று குரல் பதிவில் போகிற போக்கில் சொல்வது மிரட்டலாக மட்டுமே நிற்கும்.

உங்கள் மூன்று தொகைகளையும் கூட்டினால் 5 இலட்சத்து 50 ஆயிரம்தான் வருகிறது. மீதி 50 ஆயிரம் எங்கிருந்து வரும் என்பது இன்னும் தீரவில்லை. இதை மறைக்கத் தோன்றும். மறைத்தால் கணக்கு எழுதும் பிள்ளை மத்தியானத்துக்குள் கூட்டிப் பார்த்துவிடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். இதைப் பார்த்து வாசிக்காமல், உங்கள் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்:

“வணக்கம். வருகிற முதலாம் திகதியிலிருந்து மேலதிக நேர வேலையை நிறுத்துகிறேன். அடிப்படைச் சம்பளம் குறையாது. சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் குறையாது. மாதம் 6 இலட்சம் ரூபாய் குறைவாக வருகிறது, அதுதான் காரணம். வாடகை லொறியையும் விடுகிறேன். நான் ஆலையிலிருந்து எடுக்கும் 1 இலட்சத்து 50 ஆயிரத்தையும் முதலாம் திகதியிலிருந்து எடுக்க மாட்டேன். இவ்வளவும் செய்தும் 50 ஆயிரம் இடிக்கிறது. அதற்கு வழி இன்னும் தெரியவில்லை. 15ஆம் திகதிக்குள் பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்கிறேன். மேலதிக நேரத்தை நம்பிக் கடன் கட்டுகிறவர்கள் இருப்பீர்கள் என்று தெரியும். அப்படி இருந்தால் என்னிடம் நேரே வாருங்கள். மாசி நெல் வந்ததும் மறுபடி கணக்குப் பார்ப்பேன்.”

ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். போதும். ஒவ்வொரு வசனத்தையும் தனியாக வெட்டி இன்னொருவருக்கு அனுப்பினாலும் பொருள் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வட்ஸ்அப்பில் அது நடக்கும். “நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்” என்பதை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பணம் குறையும் நாளில் அந்த வரியைக் கேட்பவருக்கு நெஞ்சு எரியும். மன்னிப்பும் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், இரண்டாம் தடவை அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

பின்னணி இசை வேண்டாம். ஆலைச் சத்தம் கேட்காத அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் பதியுங்கள். இடையில் தடுமாறினால் அப்படியே விடலாம். பிறகு லொறிக்குள் உட்கார்ந்து, என்ஜின் ஓடும்போது தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். தொகைகள் தெளிவாக விழவில்லையென்றால் இன்னொரு முறை பதிய வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதை நீங்கள் கேட்கவில்லை, எனக்கோ அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. உங்கள் ஆட்களில் பலருக்கு ஒன்றிரண்டு ஏக்கர் வயலும் இருக்கும். விதைநெல்லுக்கும் உழவுக்கும் புரட்டாசியில் நகை அடகு வைப்பார்கள், மேலதிக நேரப் பணத்தில் வட்டி கட்டலாம் என்ற கணக்கோடு. மோட்டார் சைக்கிள் லீசிங்கும் அதே பணத்தில்தான் போகிறது. அடகு வைத்த பிறகு இதைச் சொன்னால் அந்தக் கணக்கு முழுவதும் கவிழும். ஆவணிக்குள் சொன்னால் ஒரு ஏக்கரைக் குறைத்து விதைப்பதா, குத்தகைக்குக் கொடுப்பதா என்று அவர்களே தீர்மானிக்கலாம். இன்னும் சரியாகக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று ஒரு மாதம் தள்ளிப் போடாதீர்கள்.

சனிக்கிழமை மாலையும் அனுப்ப வேண்டாம். ஞாயிறு முழுவதும் கேள்வியோடு வீட்டில் இருப்பார்கள், பதில் சொல்ல ஆள் இராது. செவ்வாய்க்கிழமை காலை அனுப்புங்கள். அன்றைக்கும் மறுநாளும் கொழும்புப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஆலையிலேயே இருங்கள். களஞ்சியங்களில் இருப்பவர்களும் சாரதிகளும் அழைத்தால் நீங்களே எடுத்துப் பேச வேண்டும்.