எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே?

"சேர், ஹட்டன் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மலைகளின் எல்லையை ஜிபிஎஸ்ஸில் எடுத்து, திரையில் ஒரு செவ்வகச் சட்டத்துக்குள் வரைகிறேன். சட்டத்துக்கு வெளியே விழும் புள்ளிகளை நீக்கிவிட்டு மிச்சத்தை இணைத்தால் உருவமே மாறிவிடுகிறது. மென்பொருள் நூலகம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், பெரும்பாலும் சரி. ஆனால் ஓடையைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஒரு மலைக்கு மட்டும் சட்டத்தின் ஓரத்தில், எல்லையிலேயே இல்லாத கோடு ஒன்று வருகிறது. எந்தப் பக்கம் உள்ளே இருக்கிறது என்று இது எப்படித்தான் முடிவெடுக்கிறது?"

முதலில் ஒரு முக்கோணத்தை எடுப்போம். சட்டம் 100 மீட்டர் அகலம், 80 மீட்டர் உயரம்; கீழ் இடது மூலை (0,0). மலை எல்லையின் உச்சிகள், அதாவது மூலைப்புள்ளிகள், A(20,20), B(140,50), C(40,100). B வலப்புறம் வெளியே, C மேலே வெளியே. உங்கள் முறைப்படி இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது A என்ற ஒற்றைப் புள்ளிதான். மலையே காணாமல் போய்விடும். ஆக, புள்ளியை வைத்து முடிவெடுத்தால் போதாது. இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பக்கத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது 1974இல் ஐவன் சதர்லாண்டும் கேரி ஹாட்ஜ்மனும் வெளியிட்ட முறை. "இந்தப் பக்கம் சட்டத்துக்குள் இருக்கிறதா?" என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. சட்டத்தின் நான்கு விளிம்புகளையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் முடிவில்லாமல் நீளும் நேர்கோடாக நினைத்துக்கொள்கிறது. வலது விளிம்பென்றால் x = 100 என்ற கோடு. ஒரு புள்ளியின் x நூறோ அதற்குக் குறைவோ என்றால் உள்ளே, கூடினால் வெளியே. அதன் y என்னவென்று பார்ப்பதில்லை. முழுப் பல்கோணியையும் இந்த ஒரு கோட்டால் வெட்டி, கிடைத்ததை அடுத்த கோட்டுக்குக் கொடுக்கிறது. நான்கு முறை வெட்டினால் வேலை முடிந்தது.

ஒரு கோட்டுக்கு எதிரே ஒரு பக்கம் நான்கு விதமாகத்தான் இருக்க முடியும். தொடக்கமும் முடிவும் உள்ளே என்றால் முடிவுப் புள்ளியை வைத்துக்கொள்ளும். உள்ளிருந்து வெளியே போனால் வெட்டுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் வெட்டுப்புள்ளி, அப்புறம் முடிவுப் புள்ளி. இரண்டும் வெளியே என்றால் ஒன்றும் இல்லை. ப்ரோக்ராமாக எழுதினால் இந்த நான்கும் இரண்டு `if`களில் அடங்கிவிடும்:

```python
def clip_right(pts, xmax):
    out = []
    s = pts[-1]
    for e in pts:
        if (s[0] <= xmax) != (e[0] <= xmax):
            t = (xmax - s[0]) / (e[0] - s[0])
            out.append((xmax, s[1] + t * (e[1] - s[1])))
        if e[0] <= xmax:
            out.append(e)
        s = e
    return out
```

`s = pts[-1]` என்ற வரியை விட்டுவிட்டால் கடைசி உச்சியிலிருந்து முதல் உச்சிக்கு வரும் பக்கம் சோதிக்கப்படாமலே போய்விடும். உருவத்தின் ஒரு மூலை மட்டும் கோணலாக வந்தால் முதலில் இங்கே பாருங்கள். மலை முழுவதும் சட்டத்துக்கு வெளியே இருந்தால் ஏதோவொரு வெட்டில் பட்டியல் காலியாகலாம்; அதன் பிறகும் வெட்டு மிச்சமிருந்தால் இதே வரி பிழை காட்டும். காலியா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பூச்சியத்தால் வகுபடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். கோட்டுக்குச் சமாந்தரமான பக்கத்தின் இரு முனையும் ஒரே புறத்தில்தான் இருக்கும், ஆகவே அது வகுத்தல் வரை வராது.

சரி, முக்கோணத்துக்கு வருவோம். x = 100க்கு எதிரே A உள்ளே, B வெளியே. பக்கத்தில் எத்தனை பங்கு தூரத்தில் வெட்டு விழுகிறது என்பதுதான் t. இங்கே t = 80/120, அதாவது மூன்றில் இரண்டு. y = 20 + 20 = 40. வெட்டுப்புள்ளி (100,40). B வெளியே, C உள்ளே (மேல் விளிம்பைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை). t = 40/100, y = 50 + 20 = 70. வெட்டுப்புள்ளி (100,70). முதல் வெட்டு முடிந்ததும் கையில் இருப்பவை (20,20), (100,40), (100,70), (40,100). அடுத்து y = 80. (100,70)இலிருந்து Cக்குப் போகும் பக்கம் (80,80)இல் வெட்டுப்படும். Cயிலிருந்து Aக்கு இறங்கும் பக்கம் (35,80)இல். இடது விளிம்பும் கீழ் விளிம்பும் எதையும் தொடுவதில்லை. கடைசியில் கிடைப்பது ஓர் ஐங்கோணி. அதில் பழைய உச்சி A ஒன்றுதான், மற்ற நான்கும் புதிதாகப் பிறந்தவை.

சட்டத்தின் மூலை தேவைப்படும்போது அதை யார் சேர்ப்பது? தனியாக யாரும் சேர்ப்பதில்லை. Cயை (80,140)க்குத் தள்ளிப் பாருங்கள். BC இப்போது வலது கோட்டை (100,110)இல் வெட்டும். அந்தப் புள்ளி சட்டத்துக்கு மேலே இருந்தாலும் முதல் வெட்டு அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது வெட்டில் (100,40)–(100,110) என்ற பக்கம் y = 80இல் வெட்டுப்பட, (100,80) என்ற மூலை தானாக வந்து உட்காரும். விளிம்புகளை முடிவில்லாத கோடுகளாக எடுப்பதன் அழகு இதுதான் என்பேன்.

உங்கள் ஓடை மலையின் கோளாறும் இதே குணத்திலிருந்து வருவதுதான். அதை எட்டு உச்சிகளாகச் சுருக்குவோம்: (60,20), (150,20), (150,60), (60,60), (60,50), (130,50), (130,30), (60,30). ஓடை நடுவில், மேலும் கீழும் 10 மீட்டர் அகலத்தில் இரண்டு கைகள், அவை சேரும் இடம் கிழக்கே, சட்டத்துக்கு வெளியே. x = 100இல் வெட்டினால் (100,20)இலிருந்து (100,60)க்கு மேலேறும் ஒரு பக்கமும், (100,50)இலிருந்து (100,30)க்கு இறங்கும் ஒரு பக்கமும் கிடைக்கும். y 30 முதல் 50 வரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நீங்கள் பார்க்கும் கோடு அதுதான். இம்முறை ஒரு பல்கோணியை வாங்கி ஒரு பல்கோணியைத்தான் திருப்பித் தரும். இரண்டு துண்டாகத் தர அதற்குத் தெரியாது, அதனால் விளிம்பின் மேல் அகலமே இல்லாத ஒரு பாலத்தைப் போட்டு இணைத்துவிடுகிறது. எங்கும் உள்நோக்கி மடியாத குவிவுப் பல்கோணிகளில் இது நடக்காது. உள்நோக்கி மடியும் குழிவுப் பல்கோணிகளில்தான் தொல்லை, மலைநாட்டில் ஓடையையும் ரோட்டையும் ஒட்டிய எல்லை எதுவும் குவிவாக இருக்கப்போவதில்லை.

நிறம் நிரப்பவும் பரப்பளவு கணக்கிடவும் மட்டும் என்றால் இதை அப்படியே விடலாம். மேலேறுவதும் இறங்குவதும் கழிபட்டு, பரப்பு சரியாக 800 சதுர மீட்டர் என்றே வரும். கெட்டுப்போவது எல்லைக்கோடு மட்டும். அதற்கு எளிய வழி, திரையைவிடச் சில பிக்சல் பெரிய சட்டத்தால் வெட்டுவது. பொய்க்கோடு திரைக்கு வெளியே போய்விடும். இணைய வரைபடங்களின் சதுரத் துண்டுகளிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

துண்டுகளைத் தனித்தனியாக எண்ணவோ பெயரிடவோ வேண்டுமானால் வேறு முறை வேண்டும். 1977இல் வந்த வைலர்–ஆதர்டன் முறை பல்கோணியின் எல்லை வழியே நடக்கும். சட்டத்தை விட்டு வெளியேறும் வெட்டுப்புள்ளியில் சட்டத்தின் விளிம்புக்கு மாறி, அடுத்து உள்நுழையும் புள்ளி வந்ததும் திரும்பப் பல்கோணிக்கு வரும். தொடங்கிய இடத்தை அடைந்தால் ஒரு துண்டு முடிந்தது. இதற்கு மட்டும் எல்லையை வலஞ்சுழியாக நடந்து அளந்தீர்களா, இடஞ்சுழியாகவா என்பது முக்கியம். மேலே உள்ள ப்ரோக்ராமுக்கு எப்படி நடந்தாலும் ஒன்றுதான். பைதனில் `shapely` வைத்திருந்தால் நீங்களே எழுதத் தேவையில்லை. `intersection` துண்டுகளைப் பிரித்தே தரும். அதிலுள்ள `clip_by_rect` வேகமானது, ஆனால் செல்லாத உருவத்தையும் தரக்கூடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

மேலே கொடுத்த எட்டு உச்சிகளையும் முதலில் உங்கள் ப்ரோக்ராமில் போட்டுப் பாருங்கள். பரப்பு 800 வராவிட்டால் பிழை அந்த ப்ரோக்ராமில். 800 வந்தும் கோடு தெரிந்தால் அது அந்தப் பாலம்தான், சட்டத்தைப் பெரிதாக்கினால் போதும்.