தூக்க மருத்துவரின் பதில்கள்: பகலில் ஏன் தூக்கம் நிற்பதில்லை?

கேள்வி: நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து காலை எட்டரைக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுகிறேன். ஆனால் பன்னிரண்டரை, ஒரு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. களைப்பு தீராமலேயே தூக்கம் கலைவது ஏன்?

தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் எங்கள் துறையின் அடித்தளமாக இருக்கிறது. முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போய், தூங்கும்போது மட்டும் இறங்குகிற தூக்க அழுத்தம். மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இரண்டாவது, கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த சிறு நரம்புத் தொகுப்பான உயிர்க்கடிகாரம். நீங்கள் எத்தனை மணி நேரம் விழித்திருந்தீர்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், அது பகலில் விழிப்பையும் இரவில் தூக்கத்தையும் தூண்டுகிறது.

முந்தைய நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு எழுந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரைக்குள் பதினெட்டரை மணி நேர அழுத்தம் சேர்ந்திருக்கும். அதனால்தான் தலையணையில் தலை வைத்ததும் உறங்கிவிடுகிறீர்கள். அப்போது மூளை மின்னலை வரைவு எடுத்தால், முதல் இரண்டு மணி நேரத்தில் ஆழ்தூக்கத்தின் மெதுவான அலைகளான டெல்டா அலைகள் மலைபோல் உயர்ந்து தெரியும். அழுத்தம் குறையக் குறைய அவையும் தணியும். நண்பகலுக்குள் அழுத்தத்தின் பெரும்பகுதி கரைந்துவிட, உடல் வெப்பமும் விழிப்புத் தூண்டலும் ஏறிக்கொண்டிருக்கும். இரவில் இதே கட்டத்தில் கடிகாரம் தூக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும், பகலிலோ எழுப்பிவிடும். உங்கள் களைப்பு உண்மையானது. தூக்கத்தைக் காக்க வேண்டிய இரண்டாவது விசைதான் உங்களுக்கு எதிராக நிற்கிறது.

எனவே ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் தூங்கப் போராட வேண்டாம். காலைத் தூக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பிற்பகல் மூன்று மணியளவில் மீண்டும் ஒன்றரை மணி நேரம் படுங்கள். அந்த நேரத்தில் விழிப்பு இயல்பாகவே சற்றுத் தளரும். மாலை ஏழு மணிக்கு மேல் முயன்றால் பெரும்பாலும் பயனிருக்காது. வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கடிகாரம் விழிப்பை மிக வலுவாகத் தாங்குகிறது. வீடு திரும்பும் வழியில் கண்ணில் படும் காலை வெளிச்சம் கடிகாரத்தைப் பகலோடு இறுகக் கட்டிவிடும் என்பதால், இரவுப் பணி தொடரும் நாள்களில் கருப்புக் கண்ணாடி உதவும். வண்டியை நீங்களே ஓட்டினால் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 66. இரவில் இருபது நிமிடம்தான் ஆழ்தூக்கம் என்று என் கைக்கடிகாரம் காட்டுகிறது. கவலைப்பட வேண்டுமா?

கைக்கடிகாரம் உங்கள் அசைவையும் நாடித்துடிப்பையும் பார்த்து ஊகிக்கிறது. மூளை அலையை அது பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் இரவு முழுவதையும் முப்பது முப்பது நொடிப் பக்கங்களாகப் பிரித்துப் படிப்போம். கண் மூடி விழித்திருக்கையில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள் ஓடும். அவை மறைவது முதல் நிலை. நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் சிறு அலைக்கொத்துகள் தோன்றுவது இரண்டாம் நிலையின் அடையாளம். ஒரு பக்கத்தில் ஆறு நொடிகளாவது 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயர்ந்த மெதுவான அலைகள் இருந்தால்தான் அதை ஆழ்தூக்கம் என்று குறிப்போம்.

முதுமையில் இந்த அலைகளின் உயரம் குறைகிறது. 60 மைக்ரோவோல்ட் உயரமுள்ள அலை ஓடினாலும் கணக்கில் சேராது. ஆகவே எண்ணிக்கை குறைவதில் ஒரு பகுதி அளவுகோலால் வருவது. பகலில் தெளிவாக இருக்கிறீர்கள் என்றால் அந்த இருபது நிமிடத்தை விட்டுவிடலாம். உரத்த குறட்டை, மூச்சுத் திணறி எழுதல், உட்கார்ந்த இடத்தில் கண் அயர்தல் இருந்தால், கடிகாரம் எந்த எண்ணைக் காட்டினாலும் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மதியம் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் தலை கனத்து, எங்கே இருக்கிறோம் என்றே புரிவதில்லை. இருபது நிமிடம் தூங்கினால் அப்படி இல்லையே?

இருபது நிமிடத்தில் பெரும்பாலானோர் இரண்டாம் நிலையைத் தாண்டுவதில்லை. ஒரு மணி நேரத்தில் அலாரம் அடிக்கும்போது டெல்டா அலைகளின் நடுவில் இருக்கலாம். கண் திறந்த பிறகும் மூளை முழு விழிப்புக்குத் திரும்ப அரை மணி நேரம்கூட ஆகும். முந்தைய இரவு சரியாகத் தூங்காதவருக்கு அழுத்தம் மிகுந்திருப்பதால், அவர் இருபது நிமிடத்துக்குள்ளேயே ஆழ்தூக்கத்தில் விழக்கூடும்.

கேள்வி: மாலை ஐந்து மணிக் காபி குடித்தும் பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறேன். அப்படியென்றால் எனக்கு அது பாதிப்பில்லைதானே?

காஃபின் அடினோசினை அகற்றுவதில்லை. மூளையில் அடினோசின் வந்து அமரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிப்பதால், பத்து மணிக்கும் அரைக் காபி மிச்சமிருக்கும். உறங்கிவிட முடிந்தாலும் டெல்டா அலைகள் வலுவிழக்கக்கூடும், அது உங்களுக்கே தெரியாது. இரண்டு வாரம் காபியைப் பகல் பன்னிரண்டு மணியோடு நிறுத்தி, காலையில் எழும்போது தெளிவு கூடுகிறதா என்று குறித்துவையுங்கள்.