முப்பது வயதில் ஹார்ட் பிளாக்: சார்காய்டோசிஸ் குறித்த கேள்வி பதில்

வேலூரில் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவர், உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

குடியாத்தம் உறுப்பினர்: என் தம்பிக்கு 32 வயது. ஹார்ட் பிளாக் என்றார்கள். ஆஞ்சியோ எடுத்துவிட்டு அடைப்பே இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். நம் ஊரில் "பிளாக்" என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு வழங்குகிறது. ரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று. மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு வந்து சேராமல் வழியிலேயே நின்றுவிடுவது மற்றொன்று. உங்கள் தம்பிக்கு இருப்பது இரண்டாவது. ஆஞ்சியோ குழாயைக் காட்டுமே தவிர மின்பாதையைக் காட்டாது.

எழுபது வயதில் இந்தப் பாதை பழுதானால் வயதைக் காரணமாகச் சொல்லலாம். 32 வயதில் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. பின்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாத ஹார்ட் பிளாக்குக்காகப் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட 55 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத் தசையில் அழற்சி நோய் இருந்தது. அதில் பெரும்பகுதி சார்காய்டோசிஸ். கிரானுலோமா எனப்படும் சிறு அழற்சி முடிச்சுகள் இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரின் மேற்பகுதியில் குடியேறுவதை இந்த நோய் வழக்கமாக வைத்திருக்கிறது. மின்பாதையும் அந்த இடத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. இதே முடிச்சுகள் நுரையீரலின் வேர்ப்பகுதி நெறிக்கட்டிகளிலும் இருக்கலாம் என்பதால், தம்பிக்கு மார்பு சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஆம்பூர் உறுப்பினர்: பேஸ்மேக்கர் வைத்தாயிற்று, நாடித்துடிப்பும் 60க்குக் குறையாமல் இருக்கிறது. இதற்கு மேல் எதற்கு ஸ்கேன்?

இதற்கு நான் பார்த்த ஒருவரின் கதையையே பதிலாகச் சொல்கிறேன், ஏனெனில் அவர் கிடத்தப்பட்ட கட்டில் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தோல் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வயது 31. பேருந்திலிருந்து இறங்கும்போது படியிலேயே சரிந்து விழுந்தார். நாடித்துடிப்பு 36. அவரை முதலில் சேர்த்த மருத்துவமனையில் தற்காலிகக் கம்பி போட்டு, மறுநாள் நிரந்தரப் பேஸ்மேக்கர் பொருத்தி, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணத்தை யாரும் தேடவில்லை. பதினொரு மாதம் கழித்து இரவு ஷிப்டில் படபடப்பு வந்து மயங்கினார். எங்களிடம் வந்தபோது கீழறையிலிருந்து நிமிடத்துக்கு 190 துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது; ரத்த அழுத்தம் 70. மின்அதிர்ச்சி கொடுத்துத்தான் அடக்கினோம்.

அன்றைய எக்கோவில் நடுச்சுவரின் மேற்பகுதி காகிதம்போல மெலிந்திருந்தது. ஆரோக்கியமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேற்றும். இவருடையது 38 சதவீதம்தான் வெளியேற்றியது. மார்பு சி.டி.யில் நுரையீரலின் இருபுற வேர்ப்பகுதியிலும் சமமாக நெறிக்கட்டிகள் தெரிந்தன. மூச்சுக்குழாய் வழியாக ஊசி செலுத்தி அவற்றிலிருந்து எடுத்த துணுக்கில் கிரானுலோமா இருந்தது. காசநோயில் வழக்கமாகக் காணும், திசு அழுகியதற்கான அடையாளம் இல்லை. காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையிலும் எதுவும் வரவில்லை.

அழற்சி ஆறிய இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்புக்குள் உயிருள்ள தசை இழைகள் அங்கங்கே மிஞ்சுகின்றன. மின்னோட்டம் அந்தச் சந்துகளில் நுழைந்து வட்டமடிக்கத் தொடங்கினால் துடிப்பு கட்டுக்கடங்காமல் ஓடும். பேஸ்மேக்கர் இதயம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் ஓட்டத்தை நிறுத்தும் திறன் அதற்கு இல்லை. நிறுத்துவதற்கு ஐ.சி.டி. என்னும் கருவி வேண்டும். அது பேஸ்மேக்கர் வேலையையும் சேர்த்தே செய்யும். சார்காய்டோசிஸ் என்று தெரிந்துவிட்டால், பேஸ்மேக்கர் தேவைப்படும் நிலையிலேயே அதற்குப் பதிலாக ஐ.சி.டி. வைப்பது பொருத்தம் என்று 2014இல் வந்த பன்னாட்டு நிபுணர் பரிந்துரை சொல்கிறது. அந்த இளைஞருக்குப் பழைய கருவியை எடுத்துவிட்டு அதைத்தான் வைத்தோம். முதல் வாரத்திலேயே தேடியிருந்தால் இரண்டாவது அறுவைக்கு வேலை இருந்திருக்காது.

ஆகவே என் முதல் எச்சரிக்கை இது. 60 வயதுக்கு உட்பட்டவருக்குக் காரணம் தெரியாத ஹார்ட் பிளாக் என்றால், நிரந்தரக் கருவிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். கருவி வந்தபின் படத்தில் அதன் நிழல் விழுந்து நடுச்சுவர் மறைந்துவிடக்கூடும். தற்காலிகக் கம்பியை நம்பியே இதயம் ஓடுகிறது என்றால் எம்.ஆர்.ஐ.க்குள் அனுப்ப இயலாது, அப்போது சி.டி.யும் பெட் ஸ்கேனும் கைகொடுக்கும்.

ஆரணி உறுப்பினர்: அப்பாவுக்கு வயது 66, இரண்டு பிளாக், ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கும் இந்த நோய் இருக்குமா?

அவருடையது ரத்தக்குழாய் அடைப்பு. இங்கே பேசும் நோய்க்கும் அதற்கும் தொடர்பு இல்லை. முதல் பதிலை ஒருமுறை பாருங்கள்.

ஆற்காடு உறுப்பினர் (ஓய்வுபெற்ற நெஞ்சக மருத்துவர்): நாற்பது ஆண்டு இந்தப் பகுதியில் நெஞ்சு நோய் பார்த்தவன் நான். நம் ஊரில் நெறிக்கட்டியும் கிரானுலோமாவும் தெரிந்தால் காசநோய் என்றே கொள்ள வேண்டும். சார்காய்டோசிஸுக்கான ஸ்டீராய்டு கொடுத்துக் கெடுக்காமல், இரண்டு மாதம் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்கலாமே?

ஐயா, தங்கள் அச்சம் நியாயமானது. காசநோய் இதயத் தசையையே தாக்கி இதே வேகத் துடிப்பை உண்டாக்குவதும் உண்மை. கிருமி இருக்கும் உடலில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். ஆனால் "கொடுத்துப் பார்ப்போம்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இரண்டு மாதத்தில் அழற்சி இருக்கும் இடமெல்லாம் தழும்பாகும். தழும்பைத் திருப்பி எடுக்க எந்த மருந்தும் இல்லை. ஸ்டீராய்டையும் சேர்த்தே கொடுத்தாலும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, பிரட்னிசலோன் என்னும் அந்த ஸ்டீராய்டை விரைவாக அழித்துவிடுகிறது. 40 மில்லிகிராம் விழுங்கியவருக்கு அதில் ஏறக்குறைய பாதியின் பலன்தான் கிடைக்கும். வேகத் துடிப்பை அடக்கும் மருந்தான அமியோடரோனின் அளவும் ரத்தத்தில் இறங்குகிறது.

ஆற்காடு உறுப்பினர்: ரிஃபாம்பிசின் விஷயம் சரி. ஆனால் ஜீன்எக்ஸ்பெர்ட் நெகட்டிவ் என்பதால் காசநோய் இல்லை என்று எழுதிவிட முடியாது. மாண்டூ சோதனை செய்தீர்களா?

முடியாதுதான் ஐயா. நெறிக்கட்டித் துணுக்கில் கிருமிகள் மிகக் குறைவு என்பதால் அந்தச் சோதனை பலமுறை தவறவிடுகிறது. அதனால்தான் துணுக்கின் ஒரு பகுதியை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்புகிறோம். விடை வர ஆறு வாரம் ஆகலாம். தோலில் ஊசி போட்டுத் தடிப்பு எழுகிறதா என்று பார்க்கும் மாண்டூவும் செய்தோம், கையில் தடிப்பே எழவில்லை. பிள்ளைப் பருவத்தில் பி.சி.ஜி. போட்டு, காசநோய் மலிந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்குத் தடிப்பே இல்லை என்பது சார்காய்டோசிஸ் பக்கம் சாயும் குறிப்பு. பெரிதாகத் தடித்திருந்தால் நான் தங்கள் கட்சிக்கு வந்திருப்பேன். சி.டி.யில் நெறிக்கட்டியின் நடுப்பகுதி கருத்து, ஓரம் மட்டும் வெளுத்துத் தெரிந்தாலும் அப்படியே.

திருப்பத்தூர் உறுப்பினர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அக்காவுக்கு இதே வேகத் துடிப்பு. காசநோய் மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டும் கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். எந்த நோய் என்று எங்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

அம்மா, மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மருந்தும் ஒருசேரக் கொடுத்துக் குணமானபின் எதனால் குணமானது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. துணுக்கில் கிரானுலோமாவைத் தவிர வேறு எதுவும் சிக்காதபோது சில மருத்துவர்கள் அந்த வழியை எடுக்கிறார்கள், நான் எடுப்பதில்லை, இதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காசநோய் மாத்திரை முடிந்தபின்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். அக்காவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோவும், ஒருநாள் முழுவதும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

காட்பாடி உறுப்பினர்: பெட் ஸ்கேன் தேதி கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு போனால் போதும்தானே?

போதாது. இந்த ஸ்கேன் சர்க்கரையைப் போன்ற ஒரு பொருளை உடலில் ஏற்றி, அதை யார் இழுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கிறது. அழற்சிச் செல் இழுக்கும். சாப்பிட்ட உடலில் நல்ல இதயத் தசையும் இழுக்கும். அப்போது இதயம் முழுவதும் ஒளிர்ந்து எது நோய் என்றே தெரியாது. முந்தைய நாள் இதயத்தைக் கொழுப்புக்குப் பழக்கினால்தான் அது சர்க்கரையைத் தொடாமல் இருக்கும். ஆகவே முந்தைய நாள் இரண்டு வேளையும் நெய்யிலோ எண்ணெயிலோ செய்த முட்டை, கோழி, ஆட்டிறைச்சி, மீன் மட்டும் சாப்பிடுங்கள். சோறு, இட்லி, சப்பாத்தி, பருப்பு, பால், பழம் எதுவும் கூடாது. பிரியாணியில் இருக்கும் கறியை மட்டும் எடுத்துச் சாப்பிட்டேன் என்பதும் உதவாது, ஒட்டிய சோறும் தயிரும் கணக்கில் வரும். அதன்பின் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் மட்டும் குடியுங்கள். சைவ உணவுக்காரர்கள் 18 மணி நேரத்துக்கு மேல் பட்டினி இருக்கலாமா என்று ஸ்கேன் மையத்தில் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது.

நான் மேலே சொன்ன இளைஞரின் முதல் ஸ்கேன் வீணானது. விடியற்காலையில் நிலையத்துக்கு வெளியே அரை டம்ளர் பால் காப்பி குடித்திருந்தார். காப்பி எல்லாம் சாப்பாடா என்று எண்ணியிருக்கிறார். "காப்பியும் கூடாது" என்று நான் தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் தவறு. இருமல் மருந்தும் குளுக்கோஸ் டிரிப்பும்கூட இதே காரியத்தைச் செய்யும்.

ராணிப்பேட்டை உறுப்பினர்: ஸ்டீராய்டு தொடங்கினால் பேஸ்மேக்கரை எடுத்துவிடலாமா? பேஸ்மேக்கர் மட்டும் போதாதா?

இரண்டாவதுக்கு ஆம்பூர் அன்பருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். முதலாவதுக்கு இல்லை என்பதே பதில். சிலருக்கு மருந்தில் மின்பாதை மீள்கிறது, மீண்டது மறுபடியும் அறுந்துபோவதும் உண்டு, யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

வாணியம்பாடி உறுப்பினர்: பேஸ்மேக்கர் இருந்தால் போதுமா, ஐ.சி.டி. அவசியமா? காப்பீட்டில் கிடைக்குமா?

மேலே பார்க்கவும். இந்தக் கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. மேலே எழுதியிருப்பதைப் படித்தபின் கேட்டால் எல்லோருக்கும் நல்லது. காப்பீட்டை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள்.

பேர்ணாம்பட்டு உறுப்பினர்: என் கணவருக்கு பிரட்னிசலோனும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுத்திருக்கிறார்கள். முகம் வீங்கிவிட்டது. படபடப்பு இல்லை. ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் அம்மா. இதில் நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். மாதக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரும். அழற்சியும் திரும்பும். அந்த இளைஞருக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, பெட் ஸ்கேன் பார்த்துப் பார்த்து மாதக்கணக்கில் படிப்படியாக இறக்கினோம். மெத்தோட்ரெக்ஸேட் சேர்ப்பதே ஸ்டீராய்டை விரைவில் குறைக்கத்தான். அதனால் முக வீக்கமும் வடியும்.

இப்போதே எழுந்து அந்த மாத்திரை அட்டையைப் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டிய மருந்து. தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். "திங்கள் மட்டும்" என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள், மற்ற மாத்திரை டப்பாவில் அதைப் போடாதீர்கள். வாயில் புண்ணோ காய்ச்சலோ இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆற்காடு உறுப்பினர்: கடைசியாக ஒன்று. அந்தப் பையனுக்குக் கல்ச்சர் விடை வரும்வரை காத்திருந்தீர்களா?

காத்திருக்கவில்லை ஐயா. சேர்த்த மூன்றாம் நாள் இரவில் மறுபடியும் அதே வேகத் துடிப்பு இரண்டு முறை வந்தது. துணுக்கு எடுத்த மறுநாளே ஸ்டீராய்டைத் தொடங்கினோம். காய்ச்சல், எடைக் குறைவு, இருமல் எதுவும் புதிதாக வருகிறதா என்று வாரந்தோறும் பார்த்தோம். ஆறாம் வாரம் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று தாள் வந்தது. ஆறாம் மாத ஸ்கேனில் நடுச்சுவர் அமைதியாக இருந்தது, வெளியேற்றும் திறன் 45க்கு ஏறியது. ஹார்ட் பிளாக் மட்டும் மீளவில்லை. இடையில் இரண்டு முறை ஐ.சி.டி. அதிர்ச்சி கொடுக்காமலேயே, வேகத் துடிப்பை அதைவிட வேகமாகத் துடிக்கவைத்து அடக்கியிருந்ததைக் கருவியின் பதிவில்தான் கண்டோம்; அவருக்கே தெரியவில்லை.