ஒரு வரைவு, இரண்டு பெரியவர்கள்

வணக்கம் அக்கா,

மண்டபத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி வனத்துறைக்குக் கொடுக்க ஓர் அறிக்கை எழுதினேன். வரைவை இரண்டு பேர் பார்த்தார்கள். கடலுயிரியல் பேராசிரியர் ஐயா, "கையால் பறிப்பதால் கேடில்லை என்ற வரியை எடுத்துவிடு, சட்டத்திலிருந்து தொடங்கு" என்கிறார். பெண்கள் சங்கத்தைப் பல வருடமாக நடத்தும் அக்கா, "அந்த வரிதான் உயிர், இன்னும் அழுத்திச் சொல், ஒரு பெண்ணின் ஒரு நாளிலிருந்து தொடங்கு" என்கிறார். இருவர் பேச்சையும் தட்ட முடியாது. இருவருக்கும் இடம் கொடுத்துத் திருத்தினேன். இப்போது எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. இரண்டு வரைவுகளையும் களக்குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ச., மண்டபம்

அன்புள்ள ச,

முதல் வரைவில் "கையால் பறிப்பதால் கடலுக்கு எந்தக் கேடும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். திருத்திய வரைவில் அது இப்படி ஆகியிருக்கிறது: "கையால் பறிப்பதால் பாசி வளத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை எனப் பெண்கள் கருதினாலும், சில சூழல்களில் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பை முற்றிலும் மறுக்க இயலாது." பாசி எடுப்பதைத் தடுக்க நினைக்கும் அதிகாரியும் இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம், அனுமதிக்க நினைப்பவரும் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். முதல் வரி தவறாக இருந்தாலும் எதையோ சொன்னது. இது எதையும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் ஒரே வரியில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். எடு, அழுத்து என்று அவர்கள் சொன்ன மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எங்கே வலித்தது என்று மட்டும் பாருங்கள். பேராசிரியருக்கு வலித்தது "எந்தக் கேடும்" என்ற இடம். யார் அளந்தது என்று அவர் கேட்கிறார். சங்கத்து அக்காவுக்கு வலித்தது வேறு. அந்தப் பெண்கள் கட்டுப்பாடாகச் செய்கிற ஒரு வேலை, ஆதாரமில்லாத ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. இது என் ஊகம்தான். இருவரையும் கூப்பிட்டு, "இந்த வரியைப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள். "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் மறுபடியும் மருந்துதான் வரும்.

உங்கள் களக்குறிப்பைப் பார்த்தேன். மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளும்போது அடியை விட்டுவிடுகிறோம், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் இறங்குகிறோம், மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் கடலுக்கே போவதில்லை என்று பெண்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஒன்றுகூட இரண்டு வரைவிலும் இல்லை! அந்த வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"அடியை விட்டுக் கிள்ளுவது, மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, தடைக்காலத்தில் 45 நாள் நிறுத்துவது ஆகிய மூன்றையும் தாங்களே வகுத்துக் கடைப்பிடிப்பதாகப் பெண்கள் கூறுகிறார்கள். இவற்றால் பாசி மீண்டும் வளர்கிறதா என்பதை இந்த அறிக்கைக்காக அளக்கவில்லை. அதை வனத்துறையும் பெண்களும் சேர்ந்து அளக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை."

பேராசிரியர் கேட்டது முழுதாகக் கிடைத்திருக்கிறது. அளக்காததை அளந்ததாகச் சொல்லவில்லை. அக்கா கேட்டதும் முழுதாகக் கிடைத்திருக்கிறது. பெண்களின் கட்டுப்பாடு முன்னால் வந்து நிற்கிறது. கூடவே, அறிக்கையில் இதுவரை இல்லாத ஒரு கோரிக்கையும் பிறந்திருக்கிறது. இதை நான் சமரசம் என்று சொல்லமாட்டேன், யாருக்கும் பாதி கொடுக்கவில்லையே.

தொடக்கம் பற்றிய சண்டை இந்த வகையில் தீராது. ஓர் அறிக்கைக்கு ஒரே ஒரு முதல் பத்திதான் இருக்க முடியும். நீங்கள் அரைப் பத்தி சட்டம் சொல்லி, நடுவில் ஒரு பெண் காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவதைக் காட்டி, மறுபடியும் சட்டத்துக்குப் போகிறீர்கள். தட்டைக் கட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணைக் கைவிட்டுவிட்டீர்கள்.

இங்கே ஒருவர் முழுக்கத் தோற்கத்தான் வேண்டும். யார் என்பதை வயதை வைத்தோ, கடைசியாகத் திட்டியவர் யார் என்பதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். யார் கையில் போகிற அறிக்கை என்று பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து எதையும் எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அதிகாரியின் மனதில் முதலில் நிற்பது இதுதான். இதற்கு முன்னால் நீங்கள் எதைச் சொன்னாலும், "சரி, பூங்கா விஷயம் எப்போது வரும்?" என்று காத்துக்கொண்டே படிப்பார். ஆகவே சட்டமே முதலில். பேராசிரியர் சொன்னதுதான் சரி. இதே விஷயத்தை ஒரு வார இதழுக்கு எழுதினால் அக்கா சொன்னதுதான் சரி, அங்கே சட்டத்தை முதல் பத்தியில் வைத்தால் யாரும் பக்கம் திருப்பமாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் நாளை வெட்டாமல் இரண்டாம் பகுதியில் முழுதாக வையுங்கள். அந்த மூன்று கட்டுப்பாடுகளும் ஒரு நாளில் எப்படி நடக்கின்றன என்று அதில் தெரியட்டும். அப்போது அது அலங்காரமாக நிற்காது, சாட்சியமாக நிற்கும்.

நான்காம் பக்கத்துக் குறிப்பை இந்த இரண்டோடும் சேர்க்காதீர்கள். பாக் விரிகுடாப் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிற பாசியையும், தீவுகளைச் சுற்றித் தானாக விளைகிற பாசியையும் கலந்துவிட்டீர்கள் என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். மிதவையில் வளர்ப்பது வெளியிலிருந்து வந்த இனம். இது கருத்து அல்ல, தகவல், திருத்திவிட வேண்டியதுதான். எந்த ஊர்ப் பெண்கள் எந்தத் தீவுக்குப் போகிறார்கள் என்று அக்கா திருத்தியிருப்பதும் அப்படியே. ஐயா ஆட்சேபித்தாலும் அந்த ஊர்களில் கேட்டுச் சரிபாருங்கள், பேரம் பேசாதீர்கள்.

குழப்பம் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஐயா சொல்லி வந்த வாக்கியங்களில் ஒரு நிறமும், அக்கா சொல்லி வந்தவற்றில் இன்னொரு நிறமும் தீட்டுங்கள். ஒரே பத்திக்குள் நிறம் மாறி மாறி வந்தால், நடுவில் "எனினும்", "அதே வேளையில்" என்று ஒட்டுப் போட்டிருப்பீர்கள். அங்கே நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்போதைய இரண்டாம் பக்கம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

புதிய வரைவை அனுப்பும் முன் இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுங்கள். தனித்தனியாக ஆளுக்கொரு விதமாகப் பேசிச் சமாளித்ததில்தான் இந்த வரைவு இப்படி ஆனது என்று நினைக்கிறேன். நீளம் வேண்டாம்: "ஐயா, அக்கா, கேடில்லை என்ற வரியை இப்படி மாற்றியிருக்கிறேன். முதலில் படிப்பவர் வனத்துறை அதிகாரி என்பதால் சட்டத்தில் தொடங்கியிருக்கிறேன். அக்கா சொன்ன தொடக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் பகுதி முழுதாக மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தகவல் பிழை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்." எடுத்துக்கொள்ளாததை வெளிப்படையாகச் சொல்வதுதான் மரியாதை. அக்கா அதைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும்படி விட்டால்தான் மனக்கசப்பு வரும்.

அக்கா அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அறிக்கையில் கையெழுத்துப் போடப்போகிற உங்கள் இயக்குநரிடம் போங்கள். இரண்டு வரைவுகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். "முதல் பக்கத்தை யாருக்காக எழுதுகிறோம்?" என்ற ஒரு கேள்வியோடு போங்கள், அவர் சொல்கிறபடி முதல் பக்கத்தை முடித்துவிடுங்கள்.