கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அம்மா

நீங்கள் அனுப்பிய போட்டோக்களை எல்லாம் பார்த்தேன் அம்மா. ஊராட்சி ஒன்றியத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்கான அறிவிப்பு, அதோடு கொடுத்த படிவம், உங்கள் மகள் வெள்ளைத் தாளில் எழுதி வைத்திருக்கும் கடிதம். கடிதம் அழகாக எழுதியிருக்கிறாள். ஆனால் குடும்பக் கஷ்டம், இரண்டு குழந்தைகள், கணவருக்கு நிலையான வருமானம் இல்லை என்று முக்கால் பக்கம் போய்விட்டது, இணைப்பு என்ற இடத்தில் "அனைத்துச் சான்றிதழ் நகல்கள்" என்று ஒரே வரி. அதைப் பார்த்ததும்தான் உடனே பதில் எழுதணும் என்று உட்கார்ந்தேன்.

உறையைப் பிரிக்கும் எழுத்தர் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அவர் மேசையில் இதேபோல நூற்றுக்கணக்கான உறைகள் இருக்கும். படிவத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் நாம் என்ன எழுதியிருக்கிறோம், அதற்குச் சான்று உள்ளே இருக்கிறதா என்று பேனாவை வைத்து டிக் போட்டுக்கொண்டே போவார். சான்று இல்லாத கட்டம் வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்வார், நம்மைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார். அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, கடிதத்தை அனுப்புநரிலிருந்து தொடங்காதீர்கள், இணைப்புப் பட்டியலை முதலில் எழுதுங்கள், அப்புறம் படிவத்தை நிரப்புங்கள், கடைசியாக மேல் கடிதம். உங்கள் மகளுடைய விஷயத்தையே அப்படிப் பார்த்துவிடலாம்.

அவள் பிறந்த தேதி 12.3.1992. அறிவிப்பில் 1.7.2025 அன்று உள்ள வயதைக் கணக்கிடச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வயதைப் போட்டுவிடக் கூடாது, பலர் இதில்தான் தவறுகிறார்கள். கணக்குப் போட்டால் 33 வருடம், 3 மாதம், 19 நாள். அதே அறிவிப்பில் உச்ச வயது பொதுப்பிரிவுக்கு 32, பி.சி., எம்.பி.சி.க்கு 34, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37 என்று போட்டிருக்கிறது. நீங்கள் எம்.பி.சி., அதனால் தகுதி இருக்கிறது. ஆனால் அந்தத் தகுதி முழுக்க ஒரே ஒரு தாளில், அவளுடைய சாதிச் சான்றிதழில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளை ஏற்கவில்லை என்றால் அவளைப் பொதுப்பிரிவில் வைப்பார்கள், அங்கே வயது ஒரு வருடத்துக்கு மேல் கடந்துபோய் மனுவே தள்ளுபடியாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய சாதிச் சான்றிதழை அதனால்தான் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது, கணவர் பெயர் போட்டிருக்கிறது. இது செல்லாது அம்மா. சாதி பிறப்பால் வருவது, கல்யாணத்தால் மாறுவதில்லை, கணவரும் அதே சாதியாக இருந்தாலும்கூட சான்று தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. விதியிலும் இதையே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக விண்ணப்பிக்கும் முன் வீட்டுப் பீரோவில் ஒருமுறை தேடுங்கள். அவள் பத்தாவது படிக்கும்போது பள்ளியில் கேட்டு வாங்கிய சாதிச் சான்று அவசியம் இருந்திருக்கும், அது தந்தை பெயரில்தான் இருக்கும், பழையது என்பதால் செல்லாமல் போகாது. கிடைக்கவில்லை என்றால் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போங்கள். அவளுடைய மாற்றுச் சான்றிதழ், அவள் அப்பாவின் சாதிச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அதன் பிறகு துணை வட்டாட்சியர் என்று மூன்று கை மாறி வரவேண்டும். கடைசித் தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருப்பதால் இதை முதலில் முடிக்க வேண்டும்.

அடுத்தது பெயர். மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது. படிவத்தில் மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஆதாரில் வேறு இனிஷியல் இருப்பதற்குக் காரணம் காட்ட திருமணப் பதிவுச் சான்றின் நகலையும் சேர்த்து, எதற்காக அது என்று இணைப்புப் பட்டியலிலேயே அடைப்புக்குறிக்குள் குறித்துவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் இரண்டு பெயரில் தாள்கள் உள்ளே போனால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுத்தர் எப்படி நம்புவார்?

ஆதாரை இங்கே இருப்பிடத்துக்குச் சான்றாகத்தான் வைக்கிறோம், அந்த ஒன்றியத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருப்பதால். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் அவசரத்தில் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பிக்கு இப்படியேதான் நடந்தது, பட்டியலில் ஆதார் என்று இருந்தது, உள்ளே முகமும் எண்ணும் மட்டும் இருந்தது, ஊர் எது என்று எந்தத் தாளிலும் இல்லை. தகுதியற்றோர் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே "இருப்பிடச் சான்று இல்லை" என்று போட்டிருந்தார்கள். அன்று அவன் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்து மேல் கடிதம். படிவம் தனியாக இருக்கும்போது கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவே வேண்டாம். கஷ்டத்தை எழுதுவதால் தகுதி கூடவோ குறையவோ செய்யாது, அதை எடுத்துவிடுங்கள். உங்கள் மகளுக்காக நான் எழுதியது இது, அடைப்புக்குறியில் உள்ளதை அறிவிப்பைப் பார்த்து அவள் நிரப்பட்டும்:

அனுப்புநர்
(பெயர், மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி)
(கதவு எண், தெரு, கிராமம், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், செல்பேசி எண்)

பெறுநர்
ஆணையாளர் அவர்கள்,
(ஊர்) ஊராட்சி ஒன்றியம்,
(மாவட்டம்).

ஐயா,

பொருள்: அலுவலக உதவியாளர் பணியிடம் – விண்ணப்பம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு ந.க.எண். (எண்), நாள் (தேதி).

பார்வையில் கண்ட அறிவிப்பின்படி, அலுவலக உதவியாளர் பணியிடத்துக்கு உரிய படிவத்தில் பூர்த்தி செய்த எனது விண்ணப்பத்தைக் கீழ்க்காணும் இணைப்புகளுடன் சமர்ப்பிக்கிறேன். நான் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுள்ளேன். 1.7.2025 அன்று எனது வயது 33 ஆண்டு, 3 மாதம், 19 நாள். எனது விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்:
நாள்:
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு:
1. பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவம், புகைப்படத்துடன் – 2 தாள்
2. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல் (கல்வித் தகுதி, பிறந்த தேதி) – 1 தாள்
3. பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல் – 1 தாள்
4. சாதிச் சான்றிதழ் நகல் (தந்தை பெயரில்) – 1 தாள்
5. ஆதார் நகல், இரு பக்கமும் (இருப்பிடம்) – 1 தாள்
6. திருமணப் பதிவுச் சான்று நகல் (இனிஷியல் மாற்றத்துக்கு) – 1 தாள்
7. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை நகல் – 1 தாள்
8. ரூ.30 அஞ்சல்தலை ஒட்டிய சுயமுகவரி உறை – 1

பார்வையில் வரும் ந.க. எண்ணை ஒரு எழுத்துகூட மாறாமல் எழுத வேண்டும். அதில் அ1, ஆ2 என்று வருவது அந்தக் கோப்பைப் பார்க்கும் எழுத்தரின் இருக்கை. தபால் பிரிவில் அதைப் பார்த்துத்தான் யார் மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். ஒரே சமயத்தில் இரவுக் காவலர், ஓட்டுநர் என்று மற்ற பணியிடங்களுக்கும் தபால் வந்து குவியும் என்பதால் உறையின் மேலேயும் "அலுவலக உதவியாளர் பணிக்கான விண்ணப்பம்" என்று பெரிதாக எழுதுங்கள்.

இணைப்பில் தாள் எண்ணிக்கை போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு தாள் நழுவி விழுந்தாலும் உள்ளே எத்தனை இருக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்கும். நகல்களைப் பட்டியலில் உள்ள அதே வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் வலது மேல் மூலையில் இணைப்பு எண்ணை எழுதுங்கள். இந்த அறிவிப்பு சுய சான்றொப்பம்தான் கேட்கிறது, அதனால் ஒவ்வொரு நகலிலும் கீழே "உண்மை நகல்" என்று எழுதி அவளே கையெழுத்தும் தேதியும் போட்டால் போதும், அதிகாரியைத் தேடி அலைய வேண்டாம். படிவத்திலும் கடிதத்திலும் நகல்களிலும் கையெழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். அசல் எதையும் உள்ளே வைத்துவிடாதீர்கள், அதை நேர்காணலுக்குக் கொண்டுபோனால் போதும்.

படிவத்தை டைப் செய்து புதிதாக உருவாக்க வேண்டாம், அவர்கள் கொடுத்ததையே அச்செடுங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல், பொருந்தாததற்கு "இல்லை" என்று எழுதுங்கள். முன்னுரிமை என்ற கட்டத்தில் அவள் "ஆம்" என்று போட்டிருக்கிறாள். ஏழைக் குடும்பம் என்பதால் போட்டிருப்பாள் போல. அது ஆதரவற்ற விதவை, முன்னாள் படைவீரர், கலப்புத் திருமணம் செய்தவர் மாதிரி அரசு வரையறுத்த பிரிவினருக்கு. அவளிடம் அதற்கான சான்று எதுவும் இல்லை, ஆகவே "இல்லை" என்று மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் தபால். கடைசித் தேதி மாலை 5.45க்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும், நாம் அனுப்பிய தேதியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி அறிவிப்பில் இருக்கிறது, ஆனால் 2025இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, கவுண்டரில் இதைச் சொன்னால் குழம்பாதீர்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்கு ஒன்றிய அலுவலகம் பஸ்ஸில் அரை மணி நேரம்தானே? நேரிலேயே கொடுக்கலாம் என்றும் அறிவிப்பில் இருக்கிறது. கடிதத்தை மட்டும் ஒரு நகல் கூடுதலாக எடுத்துப்போய், தபால் பிரிவில் கொடுத்து, அந்த நகலில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் என்றால் அதைத்தான் செய்வேன்.

பீரோவில் பழைய சாதிச் சான்று கிடைத்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து இன்றிரவே அனுப்புங்கள் அம்மா, அதில் உள்ள அப்பா பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள இனிஷியலும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.