"ஒன்னு எழுதிக் குடும்மா" என்றால் முதலில் எதைக் கேட்பது?

கேள்வி: ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். போன கிழமை எங்கள் தோட்டத் தலைவர், "நம்ம லயத்து நிலைமையப் பத்தி ஒன்னு எழுதிக் குடும்மா" என்றார். எப்போது வேண்டும், யாருக்கு, எத்தனை பக்கம், எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டால் அலுத்துக்கொள்வார். ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது? (மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: யார் கைக்குப் போகிறது என்பதைக் கேளுங்கள்.

நான் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை, பிள்ளைகள் படிப்பை இடையில் விடுவதைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அதிகாரிகளுக்கு என்று நானே நினைத்துக்கொண்டு, வகுப்பு வாரியாகக் கணக்கெடுத்து நாலு பக்கம் எழுதினேன். கடைசியில் அது பரிசளிப்பு விழாவில் பெற்றோர் முன் வாசிக்க வேண்டிய மூன்று நிமிடப் பேச்சாம். நாலு பக்கத்தில் ஒரு வரிகூட உதவவில்லை. நீளம் மட்டும் பிழைத்திருந்தால் வெட்டிச் சரிசெய்திருப்பேன். ஆள் மாறிப்போனதால் புதிதாகவே எழுத வேண்டி வந்தது.

எந்தக் கேள்விக்கு முதலிடம் என்று பார்க்க இதே வழிதான். அந்த விவரத்தை நீங்களாக ஊகித்து எழுதுகிறீர்கள், ஊகம் பிழைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதில் எவ்வளவு மிஞ்சும்? ஆகக் குறைவாக மிஞ்சுவது எதுவோ, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் விஷயத்தையே எடுப்போம். பன்னிரண்டு காம்பரா லயம், பின்பக்க மண்மேட்டில் வெடிப்பு என்று வைத்துக்கொள்வோம். இது பிரதேச செயலாளருக்குப் போவதென்றால் ஒரு பக்கக் கடிதம் போதும். தோட்டம், டிவிஷன், லயத்தின் இலக்கம், எத்தனை குடும்பம், வெடிப்பை முதலில் பார்த்த திகதி, அது எந்தப் பக்கம் எவ்வளவு நீளத்துக்கு ஓடுகிறது, இவ்வளவும் வேண்டும். கடைசியில் ஒரே கோரிக்கை: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். பாட்டி காலத்துக் கதைக்கு அதில் இடமே இல்லை. அதே விஷயம் கோயில் திருவிழா மலருக்கு என்றால், அந்தப் பாட்டியில்தான் நீங்கள் தொடங்குவீர்கள். திகதியும் இலக்கமும் அங்கே யாருக்கும் தேவைப்படாது. பாருங்கள், ஆள் தெரிந்ததும் நீளம், நடை, சில வேளை எந்த மொழி என்பதுகூடத் தானாகவே தெரிந்துவிடுகிறது. நீளத்தைக் கேட்டு "ரெண்டு பக்கம்" என்று பதில் வந்தாலோ, என்ன எழுதுவது என்று இன்னும் தெரியாது.

ஒரு இடத்தில் மட்டும் எப்போது வேண்டும் என்பதை முதலில் கேட்க வேண்டும். பதில் "இன்னைக்கு" என்று வர வாய்ப்பிருந்தால் அப்படி. தலைவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார், அல்லது ஏதோ கூட்டம் என்று பேச்சில் வந்தது என்றால் "கூட்டம் என்னைக்கு?" என்பதே முதல் கேள்வி. உங்களிடம் சொல்லி ஒரு கிழமை ஆகிவிட்டதால் இன்றே போய்க் கேளுங்கள். மழை நாளில் வெடிப்பு அகலமாகிறது, மரம் சாய்கிறது, கதவு திடீரென்று இறுகுகிறது, புதிதாகச் சேற்றுத் தண்ணீர் ஊறுகிறது என்றால் எழுத்து வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, அங்கிருந்து ஆட்களை விலகச் சொல்லி 117க்கு அழையுங்கள். அது இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண்.

அப்புறம், கேட்கும் விதம். "யாருக்கு?" என்று மொட்டையாகக் கேட்டால் "எல்லாருக்குந்தான்" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு எழுத முடியாது. இரண்டு வழியைச் சொல்லிக் கேட்டால் பதில் உடனே வரும். மீதி இரண்டையும் கேள்வியாக்காமல் உங்கள் முடிவாகச் சொல்லிவிடுங்கள். இப்படி:

"தலைவரே, இது ஏ.ஜி.ஏ. ஆபீசுக்குக் குடுக்கிற கடிதமா, இல்ல நம்ம ஆளுங்க கூட்டத்துல வாசிக்கவா? கடிதம்னா ஒரு பக்கத்துல எழுதி வெள்ளிக்கிழமை காலையில தர்றேன்."

ஒரு பக்கம் போதாது, வியாழனே வேண்டும் என்றால் அவரே மறுத்துச் சொல்வார். மறுக்காவிட்டால் நாளும் நீளமும் முடிவாகிவிட்டன. மூன்று விஷயம் தெரிந்துவிட்டது, கேட்டது ஒரே கேள்வி.

"யாருக்குன்னு இன்னும் யோசிக்கலம்மா" என்று அவர் சொன்னால் முழுதாக எழுத உட்காராதீர்கள். லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, காம்பரா வாரியாக யார் இருக்கிறார்கள், கூரை எங்கே ஒழுகுகிறது, வெடிப்பு எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து, போனில் படமும் எடுத்து வையுங்கள். கடிதமானாலும் பேச்சானாலும் அந்தக் குறிப்பு தேவைப்படும். அதைக் காட்டியபடியே அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.