பாசிக்காரப் பெண்களின் கால் புண்: கிரவுண்டட் தியரியா, ஃபினாமினாலஜியா?

மேடம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற, சர்க்கரை உள்ள எட்டுப் பெண்களிடம் கால் புண் பற்றிப் பேட்டி எடுத்து, மொத்தமாக உட்கார்ந்து கோடிங்கும் பண்ணிவிட்டேன். கிரவுண்டட் தியரி என்று போடலாமா?

போட முடியாது. பேட்டி வரிகளுக்குப் பெயர் வைக்கிற கோடிங்கை, ஒருவர் வாழ்ந்த அனுபவத்தையே ஆராய்கிற ஃபினாமினாலஜிக்காரர்களும் செய்வார்கள். "மொத்தமாக உட்கார்ந்து" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். கிரவுண்டட் தியரியில் பேட்டி எடுக்க எடுக்கவே ஆராய்ந்து, அதிலிருந்தே ஒரு விளக்கத்தை உருவாக்க வேண்டும்.

என் மாணவி ஒருத்தி இதே விஷயத்தைச் செய்தாள். முதல் அம்மா, "ஆஸ்பத்திரிக்குப் போனா தண்ணியில இறங்காதேம்பாக, அதான் போகல" என்றார். அன்று இரவே அதற்கு 'வைத்தியத்தைத் தள்ளிப்போடுதல்' என்று கோட் போட்டாள். அப்படியானால் உடனே போனவர் யார்? அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தாள். அவர் சொன்னது: "சீக்கிரம் ஆறிட்டா மறுபடி கடலுக்குப் போயிரலாம்ல." இருவரும் எதிரெதிராக நடந்தாலும் காப்பாற்ற நினைத்தது ஒன்றைத்தான்: கடலுக்குப் போகும் நாளை. பழைய கோடை அடித்துவிட்டு, ஏன் என்று தனக்கே ஒரு குறிப்பாக மெமோ எழுதினாள். தள்ளிப்போடுகிறவர் எந்தக் கட்டத்தில் மனம் மாறுகிறார் என்று கேட்க, விரல் எடுக்கப்பட்ட ஒருவரிடம் அடுத்துப் போனாள். பிறகு கிராம செவிலியரிடமும். ஒரு பேட்டிதான் அடுத்த ஆளைக் காட்டும். கடைசியில் கையில் இருப்பது, எப்போது, எதனால் முடிவு மாறுகிறது என்ற விளக்கம்.

ஃபினாமினாலஜி என்றால் செவிலியரிடம் போகவே வேண்டாம். புண்ணோடு வாழ்கிறவர்கள் போதும். ஓர் அம்மா, "பாறைய மிதிக்கிறேன்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது" என்றார். அந்த ஒரு வரியிலேயே நாள் கணக்கில் உட்கார வேண்டும். தன் காலே தனக்கு அந்நியமாவது என்றால் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்பது அங்கே கேள்வியே இல்லை.

ஃபினாமினாலஜியில் நம் கருத்தை ஒதுக்கி வைக்க வேண்டும், கிரவுண்டட் தியரியில் வேண்டாம். அதுதானே வித்தியாசம்?

பாதி சரி. ஒதுக்கச் சொன்னது ஃபினாமினாலஜியைத் தொடங்கிய தத்துவவாதி ஹுசேர்ல் வழி. அவருக்குப் பின் வந்த ஹைடெகர் வழியில் வருகிறவர்கள் அது நடக்காது என்பார்கள். அந்தப் பக்கம், 1967இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் சேர்ந்துதான் கிரவுண்டட் தியரியை எழுதினார்கள், மருத்துவமனைகளில் சாகக் கிடந்தவர்களை ஆராய்ந்த அனுபவத்தில். பின்னால் பிரிந்துவிட்டார்கள். முன்கூட்டியே அந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்காதே என்று கிளேசர் நின்றார். ஸ்ட்ராஸ் அவ்வளவு கறார் இல்லை. அவர்கள் இருவரும் போன பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. எதிக்ஸ் கமிட்டிக்கு இலக்கிய மீளாய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் நான் படிக்கச் சொல்வேன். எதிர்பார்ப்பதை முதல் மெமோவிலேயே எழுதிவிடுங்கள்.

எங்க அம்மாவுக்கும் சர்க்கரை. கால் விரலில் பதினைந்து நாளாகப் புண். வலியே இல்லை என்கிறார். இதில் எந்த முறை நல்லது?

தம்பி, இவை ஆராய்ச்சி முறைகள், வைத்தியம் இல்லை. வலி இல்லாததுதான் பயம், நரம்பு மரத்திருக்கலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கைடு முப்பது பேர் என்கிறார். சரியா?

கிரவுண்டட் தியரியில் எண்ணை முதலிலேயே கட்ட முடியாது. புதிதாக வருகிறவர் உங்கள் விளக்கத்தில் எதையும் மாற்றாதபோது நிறுத்தலாம். "ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது" என்பது வேறு. ஒரே மாதிரி ஆட்களிடம் போனாலும் அப்படித்தான் வரும். கைடிடம் தோராயமாக ஓர் எண்ணைக் கொடுத்து, மாறலாம் என்று எழுதிப் பாருங்கள். ஒப்புக்கொள்வாரா என்பது அவர் கையில்.